ஊருணியில் தண்ணீர் குறைகிறது: வகைக்கெழுவின் பொருளை எப்படிக் கேட்பது?

தேவகோட்டை ஆசிரியை, அக்டோபர் 6

பதினோராம் வகுப்புக்கு மாதத் தேர்வு வைத்தேன். ஒரு வினா இப்படி: "ஓர் ஊருணியில் t மணி நேரத்தில் உள்ள நீரின் கன அளவு V(t) கனமீட்டர். V'(4) = −3 எனில் இதன் பொருள் யாது?" பாதிப் பேருக்கு மேல் "நான்கு மணி நேரத்தில் 3 கனமீட்டர் நீர் குறைந்தது" என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் "நான்காம் மணியில் 3 கனமீட்டர் நீர் உள்ளது" என்கிறார்கள், கழித்தல் குறி எங்கே போனதென்று தெரியவில்லை. இதே பிள்ளைகள் பெருக்கல் விதி, சங்கிலி விதி எல்லாம் பிழையில்லாமல் போடுகிறவர்கள். பொருள் கேட்கும் வினாவே இந்த வகுப்புக்கு ஆகாது என்று எங்கள் ஆசிரியர் அறையில் சொல்கிறார்கள். கோளாறு பிள்ளைகளிடமா, வினாவிலா?

செம்பூரான் (காரைக்குடி), அக்டோபர் 6, இரவு

பாதிக் கோளாறு வினாவில்தான். "t மணி நேரத்தில்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். "நான்கு மணி நேரத்தில் வேலையை முடித்தான்" என்றால் தமிழில் அது கால அளவு. அந்தப் பிள்ளை உங்கள் சொல்லை அப்படியே திருப்பி எழுதியிருக்கிறது.

இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். பல ஆண்டுகள் "மணிக்கு 3 கனமீட்டர்" என்று அலகு போட்டு வினா எழுதினேன். "நான்கு மணிக்கு" என்றால் கடிகார நேரம், "மணிக்கு 3" என்றால் வீதம். இரண்டுக்கும் ஒரே உருபு. அவசரத்தில் வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இப்போது நான் எழுதுவது: "காலை 10 மணி அடிக்கும் அந்தக் கணத்தில்". அலகை "கனமீட்டர்/மணி" என்று கோடு போட்டே எழுதுகிறேன். இன்னும் நல்லது, நேரத்தை நாளில் கொடுத்துவிடுவது. "ஐப்பசி 10ஆம் நாள்" என்றால் யாரும் அதைக் கால அளவாக வாசிப்பதில்லை.

செம்பூரான், அக்டோபர் 7

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். சொல்லைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல எழுதிவிட்டேன். ஆகாது. சொல் சரியாக இருந்தாலும் "குறைகிற வீதம்", "குறைந்த அளவு" இரண்டையும் ஒன்றாக்குகிற பிள்ளைகள் இருக்கவே செய்வார்கள். சொல்லைத் திருத்துவதால் கிடைக்கும் லாபம் வேறு: அப்புறம் வருகிற தவறான விடை உண்மையிலேயே கருத்துப் பிழைதான் என்று நம்பலாம்.

பலகாரக்கடை, அக்டோபர் 7

நான் வாத்தியார் இல்லை சார், பலகாரம் போடுகிறவன். மகள் பாடம் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். C(x) என்பது x கிலோ போட ஆகும் செலவு, C'(50) என்பதன் பொருள் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இதற்கு என்ன இவ்வளவு யோசனை? 50 கிலோ சீப்புச் சீடை போட எனக்கு 12,000 ரூபாய் ஆகிறது. கிலோவுக்கு 240. அதுதானே விடை?

செம்பூரான், அக்டோபர் 7

இல்லை அண்ணே, அது சராசரி. ஒன்று சொல்லுங்கள். 50 கிலோ போட்டுக்கொண்டிருக்கும்போது கல்யாண வீட்டிலிருந்து போன் வருகிறது, "இன்னும் ஒரு கிலோ சேர்த்துப் போடுங்கள்" என்கிறார்கள். உங்களுக்குக் கூடுதலாக எவ்வளவு ஆகும்?

பலகாரக்கடை, அக்டோபர் 8

அதற்கு 240 ஆகாது. அடுப்பு எரிகிறது, மாஸ்டர் சம்பளம் கொடுத்தாயிற்று, கடை வாடகை எப்படியும் உண்டு. மாவு, எண்ணெய், கொஞ்சம் கேஸ். 180 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

செம்பூரான், அக்டோபர் 8

அந்த 180தான் C'(50). பாருங்கள், கேள்வியை மாற்றிக் கேட்டதும் அண்ணனுக்கு விடை கையிலேயே இருந்தது. "பொருள் யாது" என்று கேட்டபோது கிடைக்காத விடை, "போன் வந்தால் எவ்வளவு கூடும்" என்றதும் வந்துவிட்டது. டீச்சர், உங்கள் வினாவில் இல்லாதது இதுதான். தவறாகப் புரிந்தவருக்கு ஒரு எண்ணும், சரியாகப் புரிந்தவருக்கு வேறு எண்ணும் வரும்படி ஒரு முடிவெடுக்கும் இடம் வேண்டும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், அக்டோபர் 9

அமெரிக்காவில் நடக்கும் ஏ.பி. கால்குலஸ் தேர்வில் 2002ஆம் ஆண்டு வந்த ஒரு வினாவை நான் வகுப்பில் பலமுறை எடுத்திருக்கிறேன். ஒரு கேளிக்கைப் பூங்கா. ஆட்கள் உள்ளே வரும் வீதம் E(t), வெளியேறும் வீதம் L(t), காலை 9 மணிக்குப் பூங்கா காலி. 9 மணியிலிருந்து E − L ஐத் தொகையிட்டு அதற்கு H(t) என்று பெயர். மாலை 5 மணிக்கான H(17), H'(17) இரண்டுக்கும் பூங்காவில் என்ன பொருள் என்று கேட்டார்கள். H(17) ஏறத்தாழ 3,725: அந்தக் கணத்தில் உள்ளே இருப்பவர்கள். H'(17) ஏறத்தாழ −380: உள்ளே இருப்போர் எண்ணிக்கை மணி ஒன்றுக்கு 380 பேர் என்ற வீதத்தில் குறைந்துகொண்டிருக்கிறது. தொகையும் வகைக்கெழுவும் ஒரே வினாவில் அடுத்தடுத்து வருவதால், இரண்டையும் குழப்புகிறவர் உடனே அகப்பட்டுக்கொள்வார்.

தம்பி, பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டத்தை வைத்து நீங்களே ஒன்று எழுதலாமே.

செம்பூரான், அக்டோபர் 9

எழுதிப் பார்த்தேன் ஐயா. கூட்டம் வேண்டாம் என்று தோன்றியது. பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு உண்டு, எண்ணலாம். கோயிலில் எண்ணுவது யார்? பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஊருணிக்கே திரும்பினேன். ஓட்டு வீட்டுக் கூரைத் தண்ணீர் தெரு வழியாக வரத்துக்காலில் ஓடி ஊருணிக்குப் போவதை இங்கே எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள்.

என் வினா: காலை 6 மணிக்கு மழை பிடிக்கிறது, 10 மணிக்கு நிற்கிறது. வரத்துக்கால் வழியாக ஊருணிக்குள் நீர் வரும் வீதம் r(t), கனமீட்டர்/மணியில்:

6 மணி: 0
7 மணி: 18
8 மணி: 30
9 மணி: 12
10 மணி: 0

மழைக்கு முன் ஊருணியில் 500 கனமீட்டர் இருந்தது. சூத்திரம் கிடையாது. கேள்விகள் மூன்று. 9 மணிக்கு ஊருணியில் நீர் கூடுகிறதா, குறைகிறதா? எந்த நேரத்தில் நீர் மிக அதிகம்? 6 முதல் 10 வரை r இன் தொகை ஏறத்தாழ 60 என்றால், அந்த 60 எது?

ஒரு டியூஷன் வகுப்பில் கொடுத்தேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் உட்படப் பலர், 8 மணிக்குத்தான் நீர் அதிகம், அதற்குப் பிறகு குறைகிறது என்றார்கள். 30 இலிருந்து 12 ஆகிறதே, குறைகிறதுதானே? குறைவது வரத்து. 9 மணிக்கும் 12 கனமீட்டர்/மணி உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது, ஊருணி ஏறிக்கொண்டே இருக்கிறது, மழை நிற்கும் 10 மணியில்தான் உச்சம். சூத்திரம் கொடுத்திருந்தால் இந்தப் பிழை வெளியே வந்திருக்காது. r ஐ வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமன்படுத்தி, வந்த எண்ணை எழுதியிருப்பார்கள். நானும் வழியைப் பார்த்து மதிப்பெண் போட்டிருப்பேன்.

மூன்றாவது கேள்வியில் வந்த பிழை வேறு வகை. "10 மணிக்கு ஊருணியில் 60 கனமீட்டர் இருக்கும்" என்று நிறையப் பேர். 500 என்ற எண்ணை யாரும் தொடவில்லை. அந்த 500ஐக் கொடுக்காமல் விட்டிருந்தால் இதுவும் எனக்குத் தெரிந்திருக்காது. பூங்கா காலியாகத் தொடங்குவதால் அங்கே உள்ளே இருப்பதும் சேர்ந்ததும் ஒன்றாகவே போகிறது. அந்த இடத்தில் நம் ஊருணி மேல் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், அக்டோபர் 10

வினாவில் ஓட்டை இருக்கிறது. உள்ளே வருவதை மட்டும் சொன்னீர்கள். மண்ணில் ஊறுவது, மறுகால் பாய்வது, பெண்கள் குடம் மொண்டுபோவது எதைப் பற்றியும் பேச்சில்லை. கவனமான பிள்ளை "ஊறுவது 12க்கு மேல் என்றால் 9 மணிக்குக் குறையலாமே" என்று எழுதினால் தவறென்று போடுவீர்களா?

செம்பூரான், அக்டோபர் 10

போடமுடியாது. "இந்த நான்கு மணி நேரமும் வேறு வழியில் நீர் வருவதும் போவதும் இல்லை எனக் கொள்க" என்ற வரியைச் சேர்த்துவிட்டேன். வரி நீண்டுவிட்டது, ஆனால் வேண்டியதுதான்.

பள்ளத்தூர்க்காரர், அக்டோபர் 12

கணக்கு தெரியாது, ஊருணி தெரியும். அறுபது வருஷமாகப் பார்க்கிறேன். நிறைந்து கிடக்கும்போது மெதுவாக இறங்கும். அடியில் கொஞ்சம் கிடக்கும்போது கிடுகிடுவென்று இறங்கிவிடும். தண்ணீர் குறையக் குறைய வெயில் சீக்கிரம் குடித்துவிடுகிறது. இதைக் கேள்வியாகப் போடுங்கள், பிள்ளைகள் புரிந்துகொள்ளும்.

செம்பூரான், அக்டோபர் 13

ஐயா சொன்னதை நேற்றிலிருந்து மனதில் போட்டு உருட்டினேன். இந்த இழையில் வந்ததிலேயே நல்ல வினா இதற்குள்தான் இருக்கிறது. கணக்குக்காக ஒரு சதுர ஊருணி எடுத்துக்கொள்வோம். அடித்தளம் 20 மீட்டருக்கு 20 மீட்டர். படிக்கட்டு சாய்ந்து மேலே போகப் போக அகலம் கூடுகிறது. ஆழம் h மீட்டர் என்றால் நீர்ப்பரப்பின் பக்கம் 20 + 4h. ஆழம் 2 மீட்டர் இருக்கும்போது பக்கம் 28, பரப்பு 784 சதுரமீட்டர்.

முதல் வினா: h ஆழத்துக்கு உள்ள நீரின் கன அளவு V(h). V'(2) = 784. இது என்ன?

இங்கே நேரமே இல்லை, கவனியுங்கள். வகைக்கெழு என்றால் வேகம் என்று மட்டும் படித்த பிள்ளை இங்கே தடுமாறும். ஆழம் 2 மீட்டரில் நிற்கும்போது இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஏற எவ்வளவு நீர் வேண்டும் என்று கேட்டால், நீர்ப்பரப்பின் மேல் ஒரு சென்டிமீட்டர் தடிமனில் ஒரு தகடு வைப்பதுபோல. 784 × 0.01 = 7.84 கனமீட்டர். சரியாகக் கணக்கிட்டால் 7.85. சுவர் சாய்வதால் வரும் வித்தியாசம் அவ்வளவுதான். அதாவது 784 என்பது அந்த ஆழத்தில் நீரின் மேற்பரப்பு. சதுரமீட்டரும், "மீட்டருக்கு இத்தனை கனமீட்டர்" என்பதும் ஒரே அலகுதான் என்று அங்கே பிள்ளை கண்டுகொள்கிறது.

பொறியும் இங்கேயே இருக்கிறது. "2 மீட்டரிலிருந்து 3 மீட்டர் ஆக 784 கனமீட்டர் வேண்டும்" என்று எழுதினால் தவறு. உண்மையில் ஏறத்தாழ 901 வேண்டும், ஏனென்றால் போகப் போகப் பரப்பு விரிகிறது. அந்த 901தான் பரப்பை 2 முதல் 3 வரை தொகையிட்டால் வருவது. ஒரே ஊருணியில் வகைக்கெழுவும் தொகையும் வேறுவேறு எண்ணாக வந்து நிற்கின்றன.

செம்பூரான், அக்டோபர் 13, சற்று நேரம் கழித்து

இப்போது பள்ளத்தூர் ஐயா சொன்னதற்கு வருகிறேன். வெயில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் ஆவியாவது மேற்பரப்பிலிருந்து. ஆழம் 4 மீட்டரில் பரப்பு 1,296 சதுரமீட்டர், நாளுக்கு 6.48 கனமீட்டர் போகும். ஆழம் 2 மீட்டரில் 784, நாளுக்கு 3.92 கனமீட்டர்தான் போகும். ஆனால் மட்டம் இறங்குவது இரண்டிலும் அதே 5 மில்லிமீட்டர். நிறைந்திருந்தாலும் அடியில் கிடந்தாலும் வெயில் ஒரே அளவுதான் மட்டத்தை இறக்குகிறது. ஊருணியின் வடிவம் எதுவானாலும் இப்படித்தான்.

அப்படியானால் ஐயா கண்ணால் கண்டது பொய்யா? இல்லை. ஊர் தினமும் மொள்ளுகிற தண்ணீர் ஏறத்தாழ ஒரே அளவு. நாளுக்கு 6 கனமீட்டர் என்று வைத்தால், ஆழம் 4 மீட்டரில் மட்டம் 4.6 மில்லிமீட்டர் இறங்கும். ஆழம் 1 மீட்டரில் பரப்பு 576தான், அதனால் 10.4 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்கு மேல். ஐயா பார்த்தது சரி. காரணம் வெயில் இல்லை, குடம்.

வினாவாக எழுதினால்: "இரண்டு பேர் வாதிடுகிறார்கள். ஒருவர், குறைந்த நீரை வெயில் சீக்கிரம் குடிக்கிறது என்கிறார். மற்றவர், குடத்தால்தான் சீக்கிரம் இறங்குகிறது என்கிறார். V, h, t இவற்றின் வகைக்கெழுக்களை வைத்து யார் சொல்வது சரி என்று காட்டுக." மனப்பாடம் செய்து இதற்கு விடை எழுத முடியாது.

பள்ளத்தூர்க்காரர், அக்டோபர் 14

நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை தம்பி. இப்போது எங்கள் ஊருணியில் யாரும் குடத்தோடு வருவதில்லை, வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. ஆனாலும் கடைசியில் சீக்கிரம்தான் வற்றுகிறது.

செம்பூரான், அக்டோபர் 14

குடம் இல்லை என்றால் என் பதில் போதாது. ஆழம் குறைந்தால் நீர் அதிகம் சூடாகி ஆவி கூடலாம், ஆடு மாடு குடிக்கலாம். பங்குனி, சித்திரையில் வெயிலும் ஏறிவிடுகிறது, ஊருணி அடியில் கிடப்பதும் அந்த மாதங்களில்தான். எது எவ்வளவு என்று பார்க்காமல் சொல்லமாட்டேன். படித்துறையில் ஒரு அளவுகோலை நட்டுத் தினமும் குறிக்க முடியுமா ஐயா?

ஒரு பெற்றோர், அக்டோபர் 15

இந்த மாதிரிக் கேள்வி பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வருமா வராதா? வராது என்றால் ஏன் பிள்ளைகள் நேரத்தை வீணாக்குகிறீர்கள்? என் மகனுக்கு எல்லாச் சூத்திரமும் தெரியும்.

தேவகோட்டை ஆசிரியை, அக்டோபர் 15

மாறுவீதக் கணக்கு பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலேயே உண்டு. உங்கள் மகனிடம் மழை அட்டவணையைக் கொடுத்து, எந்த நேரத்தில் நீர் அதிகம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். விடையை இங்கே எழுதுங்கள்.

செம்பூரான், அக்டோபர் 19

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். நான் முன்பு வைத்திருந்த முறை: எந்தக் கணம், எந்த அளவு, கூடுகிறதா குறைகிறதா, என்ன அலகு. நான்குக்கும் அரை அரை. அதை இப்போது கைவிடப் பார்க்கிறேன்.

நான்கும் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவுடன் பிள்ளைகள் ஒரு வாக்கியத்தை அச்சாக வார்த்துவைத்துக்கொண்டார்கள். "t = __ எனும் கணத்தில் __ ஆனது மணிக்கு __ வீதத்தில் கூடுகிறது / குறைகிறது." கோடிட்ட இடத்தை நிரப்பினால் முழு மதிப்பெண். போன வாரம் V'(2) = 784 கொடுத்தேன். ஒரு பிள்ளை எழுதியது: "2 மீட்டர் எனும் கணத்தில் நீரானது மணிக்கு 784 வீதத்தில் கூடுகிறது." என் பழைய முறைப்படி இதற்கு ஏறத்தாழ முழு மதிப்பெண் வரும். ஒரு சொல்லுக்குக்கூட பொருள் இல்லை. அச்சு வாக்கியம் எப்போது உடையும் என்று தெரிந்துகொள்ள, நேரம் இல்லாத ஒரு வினாவையாவது தாளில் வைத்தாக வேண்டும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர், அக்டோபர் 20

சரி. ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி. டீச்சரின் முதல் வினாவுக்கே ஒரு பிள்ளை "அடுத்த ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 3 கனமீட்டர் குறையும்" என்று எழுதினால்? நான் முழு மதிப்பெண் போடுவேன். "ஏறத்தாழ" என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

செம்பூரான், அக்டோபர் 20

நான் போடமாட்டேன் ஐயா. ஊருணி ஒரு மீட்டர் ஏற 784 என்று ஏறத்தாழ சொன்னால், உண்மை 901. எத்தனை தூரத்துக்கு "ஏறத்தாழ" தாங்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்பது அந்தச் சொல்லிலிருந்து எனக்குத் தெரியவில்லை. "இதே வீதம் நீடித்தால்" என்று சேர்த்திருந்தால் தயங்காமல் போடுவேன்.

பலகாரக்கடை, அக்டோபர் 20

என் ஒரு கிலோ 180 ரூபாயும் ஏறத்தாழதானே சார்? அதற்கு மட்டும் சரி என்றீர்கள்.

செம்பூரான், அக்டோபர் 21

அண்ணன் சரியான இடத்தில் பிடித்துவிட்டார். 50 கிலோவில் ஒரு கிலோ சிறியது, அதற்குள் செலவின் போக்கு மாறாது. ஊருணியின் 2 மீட்டரில் ஒரு மீட்டர் சிறியதே இல்லை. நேற்று நான் சொன்னதை இப்படி மாற்றுகிறேன்: அடி சிறியது என்று வினாவிலேயே தெரிந்தால் "ஏறத்தாழ" போதும். டீச்சரின் வினாவில் ஒரு மணி நேரம் சிறியதா பெரியதா என்று சொல்ல எந்தத் தகவலும் இல்லை. அங்கே இன்னும் போடமாட்டேன்.

தேவகோட்டை ஆசிரியை, நவம்பர் 4

புதுத் தாள் கொடுத்தேன். மழை அட்டவணையில் பாதிக்கு மேல் 8 மணி என்றுதான் எழுதினார்கள். அடுத்த நாள் காலையிலேயே மழை. பிள்ளைகளைப் பள்ளி வாசலில் நிறுத்தி, வாய்க்காலில் ஓட்டம் குறைவதையும் ஒரு வாளி நிரம்பிக்கொண்டே போவதையும் காட்டினேன். திரும்ப எழுதச் சொன்னபோது பெரும்பாலோர் திருத்திக்கொண்டார்கள். வாளியைப் பார்த்துத் திருத்தினார்களா, நான் சொல்வேன் என்று திருத்தினார்களா என்று அடுத்த தாளில்தான் தெரியும். அதற்கு ஊருணியை விட்டு வேறு ஏதாவது தேடுகிறேன்.

V'(2) = 784 க்கு ஒரு பெண் எழுதிய விடையை அப்படியே தருகிறேன்: "தண்ணி ரெண்டு மீட்டர் நிக்கும்போது மேலே இருந்து பார்த்தா தெரியுற தண்ணியோட பரப்பு. ஒரு விரக்கடை ஏத்தணும்னா அவ்வளவு பரப்புக்கும் ஒரு விரக்கடை ஊத்தணும்." அலகு இல்லை. வீதம் என்ற சொல் இல்லை. இரண்டு மதிப்பெண் வினா. எவ்வளவு போடலாம்?

ஓய்வுபெற்ற பேராசிரியர், நவம்பர் 4

ஒன்றரை. அலகு இல்லாமல் பொருள் முழுமையாகாது.

செம்பூரான், நவம்பர் 4

இரண்டு.